மதிப்பெண் வருவதற்கு முன்பே எழுதும் கடிதம்

பென்னாகரம்,
ஏப்ரல் 12

அன்புள்ள சங்கீதாவுக்கு,

நலம். நீயும் விடுதியில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆயாவுக்குக் காய்ச்சல் முழுவதும் விட்டுவிட்டது. இப்போது திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருக்கிறார். உனக்குத்தான் எழுதுகிறேன் என்று சொன்னதும், "அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

பிளஸ் டூ தேர்வு முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. முடிவு வர மே மாதம் ஆகும். அதுவரை காத்திருந்து, மதிப்பெண்ணைச் சொல்லி நன்றி சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அது சரியாகப் படவில்லை. 600க்கு எத்தனை வந்தாலும் நீ எனக்குச் செய்தது கூடப்போவதுமில்லை, குறையப்போவதுமில்லை. மதிப்பெண் குறைந்துபோய், அந்த வருத்தத்தில் உனக்கு நன்றி சொல்லாமல் விட்டுவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. அதனால்தான் எதுவும் தெரியாத இந்த நாட்களிலேயே எழுதுகிறேன்.

ஜனவரி முதல் வாரம் உன்னிடமிருந்து வந்த முதல் செய்தி நினைவிருக்கிறதா? அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும்போது எங்களிடம் விட்டுப்போன பட்டன் போனில் தமிழ் எழுத்து தெரியாது. நீ அனுப்பியது வெறும் கட்டங்களாக வந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு கட்டங்கள். மறுநாளும் அப்படியே ஒரு வரிசை. என்ன எழுதியிருக்கிறாய் என்று தெரியவில்லை. ஆனால் கீழே உன் எண் இருந்தது. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 31 வாங்கிவிட்டு, இனி படித்து என்ன ஆகப்போகிறது என்று உட்கார்ந்திருந்த நேரம் அது. அந்த வாரம் முழுவதும் வந்த கட்டங்களில் ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை.

பொங்கலுக்கு நீ ஊருக்கு வந்தபோது அந்தக் கட்டங்களைக் காட்டினேன். நீ சிரிக்கவில்லை. என் கணக்கு நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் எழுதினாய். 1 என்றால் எழுந்துவிட்டேன். 2 என்றால் சாப்பிட்டேன். 3 என்றால் நினைத்ததைப் படித்துவிட்டேன், பக்கத்தில் பாடத்தின் எண். அதோடு போதும் என்றேன் நான். நீதான் பேனாவைக் கொடுக்காமல், அடியில் இன்னொன்றையும் சேர்த்தாய். 0 என்றால் இன்று முடியவில்லை.

"எதற்கு இது?" என்று கேட்டேன்.

"இது இல்லாவிட்டால் நீ பொய் சொல்வாய்" என்றாய்.

அந்தப் பக்கம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. நோட்டு பழைய பேப்பருக்குப் போனாலும் அந்தத் தாளைக் கிழித்து வைத்துக்கொள்வேன்.

2 எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. பத்தாம் வகுப்பில் சமூக அறிவியல் தேர்வன்று வெறும் வயிற்றோடு வந்து பள்ளி வராந்தாவில் மயங்கி விழுந்தபோது, என் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்தவள் நீ. அதை நீ மறக்கவில்லை என்று அந்த 2ஐப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். இந்த மார்ச் மாதம் ஒரு தேர்வுக்குக்கூட நான் சாப்பிடாமல் போகவில்லை. பொய்யாக 2 அனுப்ப மனம் வராததால், சில நாள் உனக்காகவே இரண்டு வாய் களி உருட்டி விழுங்கியிருக்கிறேன்.

காலை 4.45க்கு உன் 1 வரும். போன் அடுப்பங்கரைத் திட்டில் இருக்கும். மணிச் சத்தம் கேட்டதும் ஆயா, "சங்கீதா எழுந்துவிட்டாள், நீயும் எழு" என்பார். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த நேரத்தில் வருவது நீதான் என்று தெரியும். நானும் ஒரு 1 அனுப்புவேன். சில நாள் அதற்குமேல் எதுவும் தோன்றாமல் விளக்கின் முன் உட்கார்ந்திருப்பேன். ஆனால் 1 போய்விட்டது, திரும்பப் படுக்க முடியாது.

இரவு பாடம் முடிந்ததும் எண் அனுப்ப வேண்டும். மாசி, பங்குனி எங்கள் வீட்டில் புளிக் காலம் என்பது உனக்குத் தெரியும். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் ஆயாவோடு உட்கார்வேன். கையை எவ்வளவு கழுவினாலும் விரலிடுக்கில் பிசுக்கு போகாது. அந்த விரலால் அழுத்தி அழுத்தி, போனில் 3ஆம் பட்டன் உள்ளேயே ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. நகத்தால் நெம்பி எடுத்தால்தான் அடுத்த எண் போடலாம். 0 ஒட்டவே இல்லை. அதை அவ்வளவு குறைவாகத்தான் அழுத்தினேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

குறைவு என்றாலும் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், மூன்று மாதத்தில் பதினொரு நாள் 0 அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் உன்னிடமிருந்து என்ன வரும் என்று பயந்தேன். ஏன் என்று கேட்பாய், போன் செய்து அறிவுரை சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். பதினொரு முறையும் மறுநாள் 4.45க்கு அதே 1 வந்தது. வேறு ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லோரும் எனக்கு நம்பிக்கை சொன்னார்கள். அப்பா பெங்களூரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து "நன்றாகப் படி அம்மா" என்றார். அதெல்லாம் அன்புதான். ஆனால் நேற்று நான் படிக்காமல் போனேன் என்று தெரிந்த ஒருத்தி, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இன்று காலையும் என்னை எழுப்பினாள். அந்த நிம்மதியை வேறு எதுவும் எனக்குத் தரவில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மாசி அமாவாசையன்று மயானக் கொள்ளை பார்க்கப் போனேன். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். வீடு வர இரவு பத்தரை ஆகிவிட்டது. அன்று 9.8 பயிற்சி முழுவதும் போடுவதாக இருந்தது, தொகை நுண்கணிதத்தில் பரப்பு காண்பது. ஒரு கணக்குகூடப் போடாமல் 3 என்று அனுப்பிவிட்டேன். படுத்தால் தூக்கம் வரவில்லை. நோட்டின் கடைசிப் பக்கம் கண்ணிலேயே நின்றது. ஒரு மணிக்கு எழுந்து 0 அனுப்பினேன். நீ தூங்கிக்கொண்டிருந்திருப்பாய். காலையில் உன் 1 வந்தது. ஒரே இரவில் 3ம் 0ம் எப்படி வந்தன என்று இன்றுவரை நீ கேட்கவில்லை. கேட்காததால்தான் நானே சொல்கிறேன்.

பிப்ரவரியில் ஆயாவைத் தருமபுரி மருத்துவமனையில் சேர்த்திருந்த மூன்று நாளும் போனில் சார்ஜ் இல்லை. திருப்புதல் தேர்வு ஒன்று போய்விட்டது. வார்டுக்கு வெளியே இயற்பியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி நீயும் அனுப்பமாட்டாய், பதில் போடாதவளுக்கு எத்தனை நாள் அனுப்புவாய் என்று நினைத்துக்கொண்டேன். நாலாம் நாள் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் கேட்டுச் சார்ஜ் போட்டேன். போன் உயிர் பெற்றதும் ஒன்றன்பின் ஒன்றாக மணி அடித்தது. 1. 2. 1. 2. 1. 2. 1. கடைக்காரர் "அவசரமா அம்மா?" என்று கேட்டார். எனக்குப் பேச வரவில்லை. அங்கேயே நின்று 1 அனுப்பினேன்.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தமிழும் ஆங்கிலமும் நன்றாகப் போயின. வேதியியலில் ஒரு மதிப்பெண் வினாக்களில் மூன்று சந்தேகம். கணக்கில், அவ்வளவு போட்டுப் பார்த்த 9.8இல் நான் எதிர்பார்த்த கணக்கு வரவில்லை. ஆனால் முதல் பத்து நிமிடம் வினாத்தாளைப் படிக்கும்போது கை நடுங்கவில்லை. ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழும் எழுதினேன், ஒன்றைக்கூட விடவில்லை. அரையாண்டில் இரண்டுதான் எழுதினேன் என்பது உனக்குத் தெரியும்.

போன வாரம் சந்தையில் உன் அம்மாவைப் பார்த்தேன். அவர் சொல்லித்தான் ஒன்று தெரிந்தது. உனக்குக் கல்லூரி ஒன்பதரைக்கு மேல்தானாம். மற்றவர்கள் ஏழு மணி வரை தூங்கும் விடுதியில், அறையில் இருப்பவர்கள் விழித்துக்கொள்ளக் கூடாது என்று போனைத் தலையணைக்கு அடியில் அதிரவைத்து எழுந்திருக்கிறாய். எனக்கு 1 அனுப்பிவிட்டு, மீண்டும் தூக்கம் வராமல் வராந்தா விளக்கில் உட்கார்ந்து படித்தாயாம். நீயும் எப்படியும் அந்த நேரத்தில் எழுபவள் என்றே நான் நினைத்திருந்தேன். ஒரு நாளும் நீ சொல்லவில்லை. மூன்று மாதத் தூக்கத்தை எனக்குக் கொடுத்திருக்கிறாய், சங்கீதா. நன்றி என்ற சொல்லை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை. இப்போது சொல்கிறேன், மனம் நிறைந்து சொல்கிறேன். நன்றி.

உன் நான்காம் பருவத் தேர்வு இந்த மாதக் கடைசியில் தொடங்குகிறது என்றும் உன் அம்மா சொன்னார். எந்தத் தாள் எந்தத் தேதி என்று எழுதி அனுப்பு. உன் போனில் தமிழ் தெரியும் என்றாலும் நான் எண்தான் அனுப்புவேன். எழும் நேரத்தை மட்டும் நீ சொல், 4.45ஆக இருக்க வேண்டியதில்லை. 0 அனுப்ப வேண்டிய நாள் வந்தால் தயங்காமல் அனுப்பு.

சித்திரை பிறந்ததும் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். வரும் ஞாயிறு உன் அண்ணன் கிருஷ்ணகிரி வரும்போது ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். அதில் இரண்டு கிலோ புளி இருக்கும். கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, ஆயாவும் நானும் உருட்டியது. பிளாஸ்டிக் டப்பாவில் அடைக்காதே, கறுத்துவிடும் என்று ஆயா சொல்கிறார். மண் சட்டி கிடைக்காவிட்டால் ஜாடியில் வை. ஒரு உருண்டை மட்டும் சிறியதாக இருக்கும், அது நான் உருட்டியது.

அன்புடன் உன் தோழி,
பவித்ரா