போட்டோஸ்டாட், பிரிண்ட் கட்டணம் (சுங்கை சிப்புட் கடை, 2025 ஜூலை 1 முதல்)

ஏ4, கறுப்பு வெள்ளை, 80 கிராம் தாள்:
முதல் 20 பக்கம்: பக்கத்துக்கு 20 சென்
21 முதல் 100 வரை: 15 சென்
101 முதல் 500 வரை: 10 சென்
501க்கு மேல்: 8 சென்

அச்சான ஒரு முகம்தான் ஒரு பக்கம். ஏ3 இரண்டு பக்கமாகக் கணக்காகும்.

குறைந்த விலை அந்தப் படிக்குள் வரும் பக்கங்களுக்கு மட்டும். 150 பக்கம் எடுத்தால் 20க்கு 4 வெள்ளி, அடுத்த 80க்கு 12 வெள்ளி, மிச்சம் 50க்கு 5 வெள்ளி. ஆக 21 வெள்ளி. மொத்தத்துக்கும் ஒரே விலை போட்டால் 20 பக்கம் 4 வெள்ளி, 21 பக்கம் 3.15 வெள்ளி என்று ஆகிவிடும். குறைவாக எடுப்பவர் கூடுதலாகக் கொடுப்பது நியாயமில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கவனத்துக்கு: 40 மாணவருக்கு 6 பக்கப் பயிற்சித்தாள் என்றால் 240 பக்கம், 30 வெள்ளி. இருபுறமும் அடித்தால் தாளுக்கு 2 சென் குறையும். 120 தாளுக்கு 27.60 வெள்ளி.

ஒரே நாளில் ஒரே பில்லில் வருவதெல்லாம் ஒரு வேலை. வெவ்வேறு பாடமானாலும் சேர்த்தே எண்ணுவோம். கணக்கு வைத்திருக்கும் பள்ளிக்கும் எஸ்டேட் ஆபீசுக்கும் மாதம் முழுவதும் சேர்த்து எண்ணி, 1ஆம் தேதி மறுபடி முதல் படியில் தொடங்குவோம்.

கலர்: முதல் 10 பக்கம் 80 சென், 50 வரை 60 சென், அதற்கு மேல் 45 சென். ஓரத்தில் சின்ன லோகோ மட்டும் கலரில் இருந்தாலும் மெஷின் அதைக் கலர் பக்கமாகவே எண்ணும். கறுப்பு வெள்ளை போதுமென்றால் பிரிண்ட் கொடுக்கும் முன்பே சொல்லுங்கள். கோயில் திருவிழா நோட்டீஸ் போலப் பக்கம் முழுக்க நிறம் நிரம்பியதற்கு டோனர் நிறையச் செலவாகும், பக்கம் 1.50 வெள்ளி, படி கிடையாது.

ஐசி முன்னும் பின்னும் ஒரே பக்கத்தில்: 30 சென். இதற்கும் படி இல்லை.

300 பக்கத்துக்கு மேல் போனால் முதலில் ஒரு பிரதி எடுத்துக் காட்டுவோம். பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே மிச்சம் ஓடும். கோடு விழுந்தது, கோணலாக வந்தது, ஜாம் ஆகிக் கசங்கியது எங்கள் பொறுப்பு, காசு இல்லை. தப்பான ஃபைல், விட்டுப்போன பக்கம் உங்கள் பொறுப்பு. பென் டிரைவில் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவாருங்கள். வேர்ட் ஃபைலில் தமிழ் எழுத்துரு எங்கள் கணினியில் இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் குளறுபடியாகும்.

சொந்தத் தாள் கொண்டுவந்தால் தாளுக்கு 2 சென் கழிப்போம். பிரிக்காத 80 கிராம் ரீம் மட்டும். இங்குள்ள ஈரப்பதத்தில் பிரித்து வைத்த தாள் வளைந்து மெஷினில் சிக்கும். ஸ்டேப்பிளை எடுத்துவிட்டுக் கொடுங்கள். பிறப்புப் பத்திரம், பழைய கிராண்ட் போன்றவற்றைக் கண்ணாடியில் வைத்து ஒவ்வொன்றாகவே எடுப்போம், கூடுதல் கட்டணம் இல்லை.

ரொக்கத்துக்கு மொத்தப் பில் அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரி செய்யப்படும்: 503 பக்கம் 56.24 என்றால் 56.25 வெள்ளி. கியூஆர் கட்டணத்துக்குச் சரியான தொகையே.