சிறுநீர்க் கதீட்டர் தொற்றைத் தடுத்தல்: கேர் பண்டிலும் தினசரித் தேவை ஆய்வும்

தொற்றுக் கட்டுப்பாட்டுப் பயிற்சி, ஒப்படைப்பு 3
சமர்ப்பிப்பவர்: ஸ்டாஃப் நர்ஸ், ஆண்கள் நரம்பியல் வார்டு (20 படுக்கைகள்)

எங்கள் வார்டுக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் பக்கவாத நோயாளிகள். பலர் எமர்ஜென்சியிலேயே கதீட்டர் போட்டுக்கொண்டுதான் மேலே வருகிறார்கள். யார் போட்டார், எதற்குப் போட்டார் என்று கேஸ் ஷீட்டில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கைகழுவுதல், பேக்கைத் தொங்கவிடுதல் போன்றவற்றில் வார்டு ஓரளவு சரியாகவே இருக்கிறது. "இந்த டியூப் இன்னும் எதற்கு?" என்று கேட்பதுதான் யாருடைய வேலையாகவும் இல்லை. ஆகவே இந்தத் திட்டத்தில் தினசரி ஆய்வுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கிருமி எப்படி உள்ளே போகிறது

இரண்டு வழிகள். சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றியுள்ள குடல் கிருமிகள் டியூபின் வெளிப்பக்கமாகவே ஊர்ந்து மேலே போவது ஒன்று. டியூபும் பேக்கும் இணையும் இடத்தைக் கழற்றும்போதோ, பேக்கின் வடிகுழாய் அழுக்கான ஜக்கைத் தொடும்போதோ உட்பக்கமாக ஏறுவது இன்னொன்று. ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், என்டரோகாக்கஸ் ஆகியவை வழக்கமாகக் காணப்படுபவை. டியூபின் மேல் இவை பயோஃபிலிம் என்ற வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதற்குள் ஆன்டிபயாடிக் சரியாக எட்டாது. கதீட்டர் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். எவ்வளவு சுத்தமாகப் போட்டாலும் நாள் ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

பாக்டீரியா இருப்பதும் தொற்றும் ஒன்றல்ல. கண்காணிப்புக்கு நாம் பின்பற்றும் அமெரிக்க சிடிசி வரையறைப்படி, கதீட்டர் தொடர்ந்து 2 நாட்களுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், அடிவயிற்றில் தொட்டால் வலி, விலாவுக்குக் கீழே முதுகுப்பக்க வலி போன்ற ஏதாவது ஓர் அறிகுறி வேண்டும். கல்ச்சரில் ஒரு மில்லியில் குறைந்தது 1,00,000 என்ற அளவில் பாக்டீரியா வளர வேண்டும், அதிகபட்சம் இரண்டு வகைதான் இருக்கலாம். சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாற்றம் வருகிறது என்பதற்காக மட்டும் கல்ச்சர் அனுப்பினால் தேவையற்ற ஆன்டிபயாடிக்கில்தான் போய் முடியும்.

பண்டில்

பண்டில் என்பது ஒன்றாகச் சேர்த்துச் செய்ய வேண்டிய சில நடவடிக்கைகளின் தொகுப்பு. அதில் உள்ள எல்லா அம்சங்களும் நடந்தால்தான் சரிபார்ப்பில் "ஆம்". ஐந்தில் நான்கு செய்தால் 80 சதவீதம் என்று போட்டுக்கொள்ள முடியாது.

போடும்போது: உரிய காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். பயிற்சி பெற்றவர், ஸ்டெரைல் கையுறை, ஸ்டெரைல் செட், ஒருமுறை மட்டும் பயன்படும் ஜெல். வடிதலுக்குப் போதுமான மிகச் சிறிய அளவு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 14 அல்லது 16 ஃபிரெஞ்ச் அளவு. நாள், நேரம், போட்டவர் பெயர் உடனே எழுதப்பட வேண்டும்.

போட்ட பிறகு: டியூப் இழுபடாமல் தொடையில் ஒட்டியிருக்க வேண்டும், மூடிய அமைப்பைக் கழற்றக்கூடாது, பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, தரையில் படாமல் இருக்க வேண்டும். தினமும் குளிக்கும்போது சோப்பும் தண்ணீரும் போட்டுச் சுத்தம் செய்தால் போதும், ஆன்டிசெப்டிக் தேவையில்லை. மாதிரி எடுக்க போர்ட்டைத் துடைத்து அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், பேக்கிலிருந்து கூடாது. குறித்த நாளுக்கு ஒருமுறை டியூபை மாற்றுவது, சிறுநீர்ப்பையை வழக்கமாகக் கழுவுவது, தடுப்புக்கென்று ஆன்டிபயாடிக் கொடுப்பது மூன்றும் வேண்டாம்.

எங்கள் வார்டில் கோட்டை விடும் இடங்கள் இரண்டு. ஒன்று, சிடி ஸ்கேனுக்குப் போகும் நேரம். ட்ராலியில் ஏற்றும்போது பேக்கைத் தூக்கி நோயாளியின் வயிற்றின்மேல் வைத்துவிடுகிறோம். ஸ்கேன் அறை வாசலில் காத்திருக்கும் நேரமெல்லாம் பழைய சிறுநீர் உள்ளே திரும்பிக்கொண்டிருக்கும். கிளம்பும் முன் பேக்கைக் காலி செய்து, ட்ராலியின் பக்கக் கம்பியில் மாட்ட வேண்டும். இன்னொன்று, ஒரே பிளாஸ்டிக் ஜக்கை எடுத்துக்கொண்டு வரிசையாக எல்லா பேக்கையும் காலி செய்வது. ஆளுக்கொரு ஜக், படுக்கை எண் எழுதி. ஒவ்வொருவருக்கும் புதுக் கையுறை, கழற்றியதும் கைச்சுத்தம்.

தினசரி ஆய்வு

2000-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தங்கள் நோயாளிக்குக் கதீட்டர் இருப்பதே 28 சதவீதத் தருணங்களில் மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. மூத்த மருத்துவர்களிடம் இது 38 சதவீதம். இருப்பதே தெரியாதவர் எடுக்கச் சொல்லப்போவதில்லை. ஆகவே ரவுண்ட்ஸில் யாராவது நினைவுகூர்வார்கள் என்று விட்டுவிட முடியாது.

தினமும் காலை 8 மணி ஹேண்டோவரில், கதீட்டர் உள்ள ஒவ்வொரு படுக்கைக்கும் இன்று எத்தனையாவது நாள், இன்றைய காரணம் என்ன என்று பொறுப்பு நர்ஸ் வாய்விட்டுச் சொல்லி எழுத வேண்டும். "நேற்றுபோலவே" என்று எழுதக்கூடாது. ஏற்கத்தக்க காரணங்கள்: சிறுநீர் அடைப்பு, கவலைக்கிடமான நோயாளிக்கு மணிக்கு மணி அளவு, குறிப்பிட்ட சில அறுவைச் சிகிச்சைகள், அடக்க முடியாதவருக்குப் பின்புறம் திறந்த புண், நிலையற்ற முதுகெலும்பு முறிவு போன்றவற்றால் அசையக்கூடாத நிலை, இறுதிக்கால ஆறுதல். இவற்றில் எதுவும் இல்லையென்றால், யூனிட் சீஃப் முன்கூட்டியே கையெழுத்திட்ட நிலையாணைப்படி நர்ஸே எடுத்துவிடலாம். சிறுநீர்ப் பாதை அறுவை நடந்தவர், ரத்தக்கட்டி வருபவர், போடும்போது சிரமப்பட்டவர் என்றால் மட்டும் டூட்டி டாக்டரைக் கேட்க வேண்டும்.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி நோயாளி: 62 வயது, பக்கவாதம், இடது கை கால் பலவீனம், நினைவு தெளிவு. சனி இரவு எமர்ஜென்சியில் போட்ட டியூப். திங்கள் காலை மூன்றாம் நாள். காரணம் கேட்டால், "எழுந்து பாத்ரூம் போக முடியாது." இது காரணமில்லை. "டியூப் இருந்தா பெட் நனையாது சிஸ்டர், இருக்கட்டுமே" என்று மகன் கேட்பார். காய்ச்சல் வந்தால் வீட்டுக்குப் போவது தள்ளிப்போகும் என்பதையும், பகலில் யூரினல், இரவில் ஆணுறை வகைக் கதீட்டர் என்ற மாற்றையும் அவரிடம் சொல்ல வேண்டும். எடுக்கும் முன் டியூபை கிளாம்ப் செய்து "பழக்கும்" வழக்கம் பல வார்டுகளில் இன்னும் உண்டு. 2009 சிடிசி வழிகாட்டுதல் அது தேவையில்லை என்றே சொல்கிறது. காலை 10 மணிக்கு எடுத்தால், மதியம் 2 முதல் 4 மணிக்குள் சிறுநீர் போகிறாரா என்று பார்த்து அளவு எழுத வேண்டும். போகவில்லையென்றால் அல்ட்ராசவுண்டில் பார்த்து, தேவைப்பட்டால் ஒருமுறை மட்டும் கதீட்டர் போட்டு எடுக்கலாம். மறுபடி ஃபோலி போட்டுவிட்டுப் போவது கடைசி வழி.

கணக்கு

தொற்றுகளைக் கதீட்டர் நாட்களால் வகுத்து 1000-ஆல் பெருக்குகிறோம். ஒரு மாதத்தில் 300 கதீட்டர் நாட்கள், 3 தொற்று என்று வைத்துக்கொண்டால் விகிதம் 10. தேவையற்ற டியூப்களை எடுத்து 150 நாட்களாக்கி, தொற்றும் 2-ஆகக் குறைந்தால் விகிதம் 13.3 என்று ஏறிக் காட்டும்! நோயாளிக்கு நல்லது நடந்திருக்கிறது, கிராஃப் மட்டும் மோசமாகத் தெரிகிறது. எனவே கதீட்டர் நாட்களை நோயாளி நாட்களால் வகுத்த பயன்பாட்டு விகிதத்தையும் அதே தாளில் காட்ட வேண்டும். 600 நோயாளி நாட்கள் என்றால் அது 0.50-லிருந்து 0.25-ஆக இறங்கியிருக்கும்.

எதிர்பார்ப்பிலும் அளவு வேண்டும். 2016-ல் வெளியான, 603 அமெரிக்க மருத்துவமனைகள் சேர்ந்த திட்டத்தின் முடிவில், சாதாரண வார்டுகளில் விகிதம் 2.28-லிருந்து 1.54-ஆகக் குறைந்தது, ஐசியுக்களில் பெரிய மாற்றமில்லை. எங்களுடையது சாதாரண வார்டு என்பதால் இங்கே தொடங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

தொடங்கும் முன் ஸ்டோருக்கு இண்டென்ட் போக வேண்டியவை: யூரினல், மூன்று அளவுகளில் ஆணுறை வகைக் கதீட்டர், தொடையில் ஒட்டும் பட்டை, எண் எழுதிய 20 ஜக். இவை வந்து சேராமல் டியூபை மட்டும் எடுக்கச் சொன்னால் இரவு டூட்டியில் ஒரே சிஸ்டர் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டே இருப்பார். இரண்டாம் வாரமே எல்லாம் பழையபடி ஆகிவிடும்.