பொது இடங்களை ஒப்படைக்காத பில்டர் மீது வீட்டு உரிமையாளர்களின் புகார் கடிதம்

அனுப்புநர்:
செயலாளர் மற்றும் 37 வீட்டு உரிமையாளர்கள்,
அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சங்கம்,
வண்ணாரப்பேட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமம்,
சென்னை.

நாள்: 14.10.2025

பொருள்: பணி நிறைவுச் சான்றிதழ் வாங்கி மூன்று வருடம் ஆகியும் மொட்டை மாடி, சம்ப், லிஃப்ட், ஹால், ஆவணங்கள் எதையும் சங்கத்திடம் ஒப்படைக்காதது தொடர்பாக.

ஐயா,

எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். 44 விற்றுவிட்டன, நான்கு இன்னும் பில்டர் கையில் இருக்கின்றன. 2022 ஆகஸ்டில் பணி நிறைவுச் சான்றிதழ் கிடைத்தது, அந்த வருடம் தீபாவளிக்குள் பெரும்பாலானவர்கள் பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டோம். 2023 பிப்ரவரியில் சங்கத்தையும் பதிவு செய்தோம். அன்றிலிருந்து நாங்கள் கேட்பது ஒன்றுதான், எங்களுக்குச் சேர வேண்டியதை எழுத்து மூலமாக எங்களிடம் ஒப்படையுங்கள் என்று. பில்டரின் பெயர், திட்டப் பதிவு எண், முகவரி எல்லாம் இத்துடன் உள்ள புகார்ப் படிவத்தில் இருக்கின்றன.

பில்டர் தரப்பில் இரண்டு பதில்கள்தான் மாறி மாறி வருகின்றன. முதல் பதில், மீதி நான்கு வீடும் விற்கட்டும், அப்புறம் மொத்தமாகத் தருகிறேன் என்பது. சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உள்ளூர்ச் சட்டம் வேறு காலம் சொல்லாதவரை, சான்றிதழ் கிடைத்து மூன்று மாதத்துக்குள் பொது இடங்களின் உரிமையைச் சங்கத்துக்குப் பத்திரம் செய்து தர வேண்டும், ஆவணங்களையும் வரைபடங்களையும் 30 நாளில் தர வேண்டும் என்கிறது. விற்காத வீடுகளுக்காக இதை நிறுத்தி வைக்கலாம் என்று அதில் எங்கேயும் இல்லை.

இரண்டாவது பதில்தான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. "உங்கள் கிரையப் பத்திரத்திலேயே பிரிக்கப்படாத பாகம் எழுதிக் கொடுத்தாச்சே, இனி நான் என்ன தர?" என்கிறார். நிலத்தில் எங்கள் பாகம் பதிவாகியிருப்பது உண்மைதான், அதை நாங்கள் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டதாகச் சொல்பவர், மொட்டை மாடியின் சாவியை மட்டும் ஏன் தன் ஆபீஸில் வைத்திருக்கிறார்? 2024 ஜூலையில் மாடியில் செல்போன் டவர் ஏறியது. கேபிள் இழுக்க வந்த பையனிடம் விசாரித்த பிறகுதான், மாடியை அவர் வாடகைக்கு விட்டிருப்பதே எங்களுக்குத் தெரியவந்தது. மாதம் எவ்வளவு, எத்தனை வருட ஒப்பந்தம் என்று கேட்டு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. மொட்டை மாடி, படிக்கட்டு, லிஃப்ட், திறந்தவெளி பார்க்கிங், தண்ணீர்த் தொட்டி, சம்ப், மோட்டார் எல்லாமே பொது இடம் என்று 2(n) பிரிவு பெயர் சொல்லியே சொல்கிறது. அப்படிப்பட்ட இடத்தின் வாடகை பில்டரின் கணக்குக்குப் போவது எந்த வகையில் நியாயம்?

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. தாமிரபரணி கரை மீறி ஓடியபோது எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. சம்புக்குள் வெள்ளத் தண்ணீரும் சாக்கடையும் கலந்துவிட்டது, மோட்டார் அறை முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு பிளம்பரையும் எலெக்ட்ரீசியனையும் கூட்டிவந்தோம். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த ஒயர் எந்த பேனலுக்கு வருகிறது என்று சொல்ல ஒரு வரைபடம்கூட எங்களிடம் இல்லை. பில்டரின் போன் நாலு நாளாக எடுக்கப்படவில்லை. கடைசியில் தரையை மூன்று இடத்தில் உடைத்துத்தான் லைனைக் கண்டுபிடித்தோம். ஒன்பது நாள், வயதானவர்களும் கைக்குழந்தை வைத்திருந்தவர்களும் கேன் தண்ணீரில் காலம் தள்ளினார்கள். வரைபடம் கையில் இருந்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும் வேலை அது. ஒரு கட்டுக் காகிதத்தைத் தராததற்கு நாங்கள் கொடுத்த விலை இது, இன்னொரு வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிற இந்த நேரத்தில் நாங்கள் அவசரப்படுவதற்கும் இதுவே காரணம்.

பொது மின் இணைப்பும் லிஃப்ட் உரிமமும் இன்னும் பில்டர் பெயரில்தான். மாதம் 2,500 ரூபாய் மெயின்டனன்ஸை அவர் கணக்கில்தான் கட்டிவந்தோம். 2024 மே மாதம் பொது இணைப்புக்கு பில் கட்டவில்லை என்று மின்வாரியம் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டது. நாங்கள் பணம் கட்டிய ரசீது எங்களிடம் இருக்கிறது, அவர் கட்டிய ரசீது யாரிடமும் இல்லை. நான்காவது மாடியில் இருக்கும் 74 வயது ஆச்சிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். லிஃப்ட் நின்ற அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாற்காலியில் வைத்து அவரைக் கீழே தூக்கி வந்தார்கள். மறுநாள் நாங்களே வசூல் செய்து பாக்கியைக் கட்டினோம். சங்கத்தின் பெயருக்கு இணைப்பை மாற்றப் போனால் பில்டரின் சம்மதக் கடிதம் கேட்கிறார்கள், அந்தக் கடிதத்தைத்தான் அவர் தரமாட்டேன் என்கிறார்.

கார்பஸ் பணம் என்று வீட்டுக்கு 50,000 வீதம் 44 வீட்டிலும் வாங்கியிருக்கிறார், மொத்தம் 22 லட்சம். அதற்கு இன்றுவரை கணக்கு இல்லை. பத்திரிகை விளம்பரத்தில் காட்டிய பொது ஹால் சிமெண்ட் மூட்டையும் டைல்ஸ் பெட்டியும் போட்டுப் பூட்டிக் கிடக்கிறது, போன ஆவணியில் ஒரு வளைகாப்புக்குக் கேட்டபோது சாவி கிடைக்கவில்லை.

ஐந்தாவது மாடி வீடுகள் ஐந்தில் மாடித் தளத்திலிருந்து நீர் கசிகிறது. கட்டடக் குறைகளை ஐந்து வருடத்துக்குள் சொன்னால் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்று 14(3) பிரிவு சொல்கிறது. எங்களுக்கு அந்தக் காலம் 2027-ல் முடியத் தொடங்குகிறது. மாடிக்கே போக முடியாதவர்கள் அங்கே என்ன குறை என்று எப்படிக் காட்டுவது? இப்படியே நாளைக் கடத்தினால் எங்கள் உரிமை தானாகவே போய்விடும், இது எங்கள் உண்மையான பயம்.

ஆகவே, சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி சங்கத்தின் சார்பில் இந்தப் புகாரைத் தருகிறோம். பொது இடங்களைப் பத்திரம் செய்து ஒப்படைக்கவும், அனுமதி வரைபடம், குழாய் மற்றும் மின் வரைபடங்கள், லிஃப்ட் உரிமம், தீயணைப்புச் சான்று, மோட்டார் மற்றும் ஜெனரேட்டர் வாரண்டி ஆகியவற்றின் அசலைத் தரவும், 22 லட்சத்தையும் மெயின்டனன்ஸ் வரவு செலவையும் கணக்குடன் சங்கத்திடம் சேர்க்கவும், மாடி வாடகையாக இதுவரை பெற்றதைத் திருப்பித் தரவும் 37-ஆம் பிரிவின் கீழ் உத்தரவிட வேண்டும். மற்றதற்கு நேரம் ஆனாலும், குழாய், மின் வரைபடங்களும் மாடிச் சாவியும் இந்த மழைக்கு முன்பே எங்கள் கைக்கு வர வேண்டும். விசாரணை முடியும்வரை பொது இடம் எதையும் புதிதாக வாடகைக்கு விடவோ விற்கவோ கூடாது என்று 36-ஆம் பிரிவின் கீழ் இடைக்காலத் தடையும் கேட்கிறோம்.

எங்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னைக்கு வந்துபோவது சிரமம். காணொளி வழியாக விசாரணை நடத்தினால் பெரிய உதவியாக இருக்கும். ரசீதுகள், நாங்கள் எழுதிய ஏழு கடிதங்கள், வெள்ளத்தின்போது எடுத்த படங்கள், 37 பேரின் கையெழுத்து ஆகியவற்றை இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்,
உரிமையாளர்கள் அனைவரின் சார்பாக.