பம்ப் ஹவுசிங் காஸ்டிங்: குறைந்த கொட்டேஷன் பற்றி

பெறுநர்: கொள்முதல் மேலாளர்
அனுப்புநர்: காஸ்ட் அக்கவுண்ட்ஸ்

வணக்கம் சார்,

ஹவுசிங் காஸ்டிங்குக்கு வந்த மூன்று கொட்டேஷன்களையும் பார்த்தேன். இப்போது நமக்கு சப்ளை செய்பவரின் விலையை 100 என்று வைத்தால், புதியவர் 92 கேட்கிறார். 8 சதவீதம் சின்ன வித்தியாசம் இல்லை. இந்த விலையை வாங்க நீங்கள் எவ்வளவு பேசியிருப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் ஆர்டரை மாற்றுவதற்கு முன் கீழே உள்ள கணக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் ரிஜெக்‌ஷன். பணம் அதிகம் போவது இதில்தான். டிரையல் லாட்டில் 300 காஸ்டிங் வந்தது, 18 தேறவில்லை. அதாவது 6 சதவீதம். பழையவரிடம் இது 1 சதவீதம். தேறாததற்கு மாற்று தந்துவிடுவதாகப் புதியவர் சொல்கிறார், அதனால் நஷ்டமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த 18-ல் ஒன்றுகூட ஸ்டோர்ஸ் வாசலில் பிடிபடவில்லை. மேலே பார்க்க நல்ல காஸ்டிங்தான். முதல் கட் ஓட்டி, ஃபேஸிங் முடித்து, போரிங்கில் கடைசிப் பாஸ் போகும்போதுதான் சீல் உட்காரும் இடத்தில் ப்ளோ ஹோல் தெரிகிறது. அதற்குள் ஒரு காஸ்டிங்கில் 40 அளவுக்கு மெஷின் நேரமும் கூலியும் டூலும் ஏறிவிடுகிறது (அதே 100 கணக்கில்). காஸ்டிங்கின் விலை டெபிட் நோட்டில் திரும்பும். இந்த 40 திரும்பாது. 100 காஸ்டிங்கில் 6 போனால், அந்த 240-ஐத் தேறிய 94 சுமக்க வேண்டும். ஒன்றுக்குச் சுமார் 2.6. பழையவரிடம் இதே செலவு 0.4.

அடுத்து வண்டிக்கூலி. பழையவர் நம் வாசலில் இறக்கித் தருகிறார். புதியவரின் விலை அவர் ஆலையில் எடுத்துக்கொள்ளும் விலை; அதற்கு 3 சேர்க்க வேண்டும். ஒவ்வொரு காஸ்டிங்கையும் தனித்தனியாகச் சோதிக்க குவாலிட்டி பிரிவு ஆள் கேட்டிருக்கிறது, அது 1.5.

பணம் தரும் கெடுவும் விலையில் ஒரு பகுதிதான். பழையவர் 45 நாள் கிரெடிட் தருகிறார். நம் வட்டி மாதம் 1 சதவீதம் என்பதால் அதில் நமக்கு 1.5 மிச்சம். புதியவருக்கோ சரக்கு வர 60 நாள் முன்பே 30 சதவீதம் அட்வான்ஸ் தர வேண்டும். அதன் வட்டி 0.6. ஒரே லாட்டில் மூன்று மாதச் சரக்கு எடுக்க வேண்டும் என்றும் நிபந்தனை. சராசரியாக ஒன்றரை மாதம் ஸ்டோர்ஸில் கிடக்கும். வட்டி, இடம், இன்சூரன்ஸ் சேர்த்து மாதம் 1.5 சதவீதம் பிடித்தால் 2.1 ஆகிறது. பழையவர் வாராவாரம் அனுப்புவதால் அவர் பக்கம் இது கணக்கில் வருமளவுக்கு இல்லை.

கூட்டினால் புதியவர் 101.8, பழையவர் 98.9. குறைந்த கொட்டேஷன் ஏறத்தாழ 3 கூடுதலாக முடிகிறது. லாட் தாமதமாகி அசெம்பிளி லைன் நின்றால் ஆகும் செலவை நான் சேர்க்கவில்லை. அதற்கு நம்பகமான எண் என்னிடம் இல்லை.

இது உங்கள் கண்ணில் படாததற்கு எங்கள் ரிப்போர்ட்டும் ஒரு காரணம். 8 குறைந்தது கொள்முதல் விலை வேறுபாட்டில் சாதகமாக உங்கள் பெயரில் ஏறும். வீணான மெஷின் நேரம் உற்பத்திப் பிரிவின் தலையில் பாதகமாக விழும். ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள் இரண்டு பேர் கணக்கில் போய்ச் சேர்வது நியாயமில்லை. அடுத்த மாதத்திலிருந்து ரிஜெக்‌ஷனில் வீணாகும் மெஷினிங் செலவை சப்ளையர் வாரியாகப் பிரித்து உங்களுக்கும் அனுப்புகிறேன்.

குறைந்த விலை எப்போதும் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. போல்ட், வாஷர், அட்டைப்பெட்டி போன்றவற்றின் மேல் நாம் எந்த வேலையும் ஏற்றுவதில்லை. கெட்டால் அதன் விலையோடு போய்விடும். அங்கே தாராளமாகக் குறைந்த விலைக்குப் போகலாம். காஸ்டிங் அப்படியில்லை.

புதியவரை ஒரேயடியாக விட்டுவிடவும் வேண்டாம் சார். லாட்டை மாதம் ஒன்றாகப் பிரித்து, ரிஜெக்‌ஷனை 2 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் அவர் கணக்கு 98.6-க்கு இறங்கும், பழையவரைவிடக் கொஞ்சம் குறைவு. இந்த இரண்டோடு, மெஷினிங்குக்குப் பிறகு தெரியும் குறைக்கு மெஷினிங் செலவையும் டெபிட் செய்வோம் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். தன் வார்ப்பின் மேல் நம்பிக்கை உள்ளவர் இதற்குத் தயங்க மாட்டார். அவர் மறுத்தால் ஆர்டர் பழையவரிடமே இருக்கட்டும். 92 என்ற எண்ணைக் காட்டி அவரிடம் விலை பேசலாம்.

கணக்குத் தாளை இணைத்திருக்கிறேன். 40 என்ற மெஷினிங் செலவை உற்பத்தி மேலாளரிடம் சரிபார்த்துவிட்டேன். வண்டிக்கூலி 3 மட்டும் என் மதிப்பீடு. டிரான்ஸ்போர்ட்டரிடம் நீங்கள் பேசிய விலை வேறாக இருந்தால் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள், திருத்தி அனுப்புகிறேன்.

நன்றி.