அசையாத எண்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு இரவு ஷிப்ட். தங்கை கல்யாணத்துக்கு ஒரு பவுன், எட்டு கிராம், வாங்க வேண்டும். அதற்காகத் தங்க விலை காட்டும் ஆப்பை போனில் போட்டேன். கிராமுக்கு ஐந்து ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் மணி அடிக்கும்படி வைத்தேன்.

முதல் வாரம் பாடாய்ப் படுத்தியது. அடிக்கும்போதெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். ஆப் காட்டியது தங்கம் வர்த்தகமாகும் எம்சிஎக்ஸ் சந்தையின் விலை. அந்தச் சந்தை இரவு 11.30க்கு மூடும், அமெரிக்கக் குளிர்காலத்தில் 11.55க்கு. அப்புறம் காலை 9 மணிவரை எண் அசையாது. தெரிந்தும் இரண்டு மணிக்கு எடுத்துப் பார்ப்பேன். அதே எண்.

"சூடா இருக்கிற ஜாபை அளந்தா அளவு தப்பும் தம்பி, ஆற விடு" என்றார் மூத்த டர்னர். லேத்தில் கடைந்த துண்டையும் என் கையிலிருந்த மைக்ரோமீட்டரையும்தான் சொன்னார். நான் போனைப் பார்த்தேன்.

ஐந்தை ஐம்பதாக்கினேன். அடுத்த மாதம் இருநூறு. ஆப் பெரும்பாலும் ஊமையாகக் கிடந்தது. எனக்கும் அது பழகிவிட்டது.

மார்கழியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மணி அடித்தது. கடைசி வெட்டு ஓடிக்கொண்டிருந்தது. முடித்தேன். ஜாபை ஆற வைத்தேன். டீ குடித்தேன். அளந்தேன், சரியாக இருந்தது. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

விலை இறங்கியிருந்தது.