கலிங்கப் பாறையில் இல்லாத வரிகள்: அசோகருடன் ஒரு கற்பனை நேர்காணல்

(மோல்மீன் தமிழ்ப் பள்ளி, வரலாற்றுப் பாடத்துக்கான ஒப்படைப்பு. உரையாடல் கற்பனை, செய்திகள் கல்வெட்டுகளையும் மகாவம்சத்தையும் தழுவியவை.)

மாணவி: பேரரசரே, வணக்கம். சோணர், உத்தரர் என்னும் இரு தேரர்கள் தங்கள் காலத்தில் சுவர்ணபூமிக்கு வந்தார்கள் என்றும், அந்தச் சுவர்ணபூமி எங்கள் ஊருக்கு வடக்கே உள்ள தட்டோன்தான் என்றும் பர்மாவில் சொல்கிறார்கள். அவர்களைத் தாங்கள் அனுப்பினீர்களா?

அசோகர்: அச்செய்தியை எழுதி வைத்தது பல நூற்றாண்டுகளுக்குப் பின் இலங்கையில் தோன்றிய மகாவம்சம். நான் பொறித்த பாறைகளில் சுவர்ணபூமியின் பெயர் இல்லை. ஆனால் உன் முன்னோரின் நாடுகள் இருக்கின்றன. மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததைச் சொல்லும் 2ஆம் பாறைச் சாசனத்தில், என் எல்லைக்கு அப்பாலிருந்த சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைக் குறிப்பிட்டு, மூலிகைகள் கிடைக்காத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுபோய் நடச் செய்ததையும் எழுதினேன்.

மாணவி: அரண்மனைச் சமையலைக்கூடச் சாசனத்தில் எழுதியது ஏன்?

அசோகர்: முன்பு என் மடைப்பள்ளியில் நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன. சாசனம் எழுதிய வேளையில் அது இரண்டு மயில், ஒரு மான் என்று குறைந்திருந்தது. மானும் எல்லா நாளும் இல்லை. இவையும் இனிக் கொல்லப்படமாட்டா என்று அறிவித்தேன். அன்றுவரை கொன்றதை மறைத்துவிட்டு அறம் பேச எனக்கு மனம் வரவில்லை.

மாணவி: அப்படியானால் கலிங்கத்தைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டும். முடிசூடி 8 ஆண்டுகள் ஆனபோது நடந்த அப்போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டதையும், 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டதையும், அதற்காகத் தாங்கள் வருந்தியதையும் 13ஆம் சாசனம் சொல்கிறது. ஆனால் கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் அந்தச் சாசனம் இல்லையே?

அசோகர்: தோற்ற மக்களின் முன்னால் அவர்களுடைய பிணங்களின் கணக்கைக் கல்லில் வெட்டி நிறுத்த நான் துணியவில்லை. அங்கே, ‘எல்லா மனிதரும் என் பிள்ளைகள்’ என்று எழுதி, காரணமின்றி எவரையும் சிறையிலிடவோ வதைக்கவோ கூடாதென்று அதிகாரிகளுக்கு ஆணையிட்டேன்.

மாணவி: வருத்தத்தைச் சொன்ன அதே 13ஆம் சாசனத்தில், வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை தங்களுக்கு உண்டு என்று காட்டுவாசிகளை எச்சரித்திருக்கிறீர்கள்.

அசோகர்: ஆம். வாளைக் கீழே வைத்த பிறகும் நான் அரசனாகவே இருந்தேன்.

மாணவி: நாடு கடத்தப்பட்ட அந்த 1,50,000 பேரும் ஊர் திரும்பினார்களா? கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல் என்பதால் இதைக் கேட்காமல் போக என்னால் முடியாது.

அசோகர்: அவர்களைத் திருப்பி அனுப்பியதாக என் சாசனங்களில் ஒரு வரியும் இல்லை, மகளே. கலிங்கத்தையும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை.