சர்க்கரை நோய்: சாப்பாடு, நடை, அன்றாடப் பழக்கம்

உங்களுக்கு இருப்பது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். உடலில் இன்சுலின் சுரந்தாலும் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

சாப்பாடு
தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கு மீன், முட்டை, பருப்பு அல்லது சுண்டல். காயை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். மத்தியும் நெத்திலியும் குழம்பாக நல்லது. வறுவல் எப்போதாவது போதும்.

"கேழ்வரகுக் கூழ்தானே" என்று இரண்டு சொம்பு குடித்துவிட்டு வருபவர்கள் நிறைய. அதுவும் மாவுச்சத்துதான், ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாமே சர்க்கரைக் கணக்குதான். பண்ருட்டிப் பலா சீசனில் இரண்டு சுளை. வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு வேண்டாம்.

நடை
தினம் 30 நிமிடம், வாரத்தில் 5 நாள். பேச முடியும், பாட முடியாது: அந்த வேகம். சில்வர் பீச் மணலிலும் செருப்போடு நடங்கள். மரத்துப்போன காலுக்குச் சிப்பி குத்தியது தெரியாது.

தினமும்
வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை. விரதம் இருப்பதாக இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். இரவு படுக்குமுன் பாதத்தை, விரல் இடுக்கு உட்பட, பாருங்கள்; சிறு புண்ணானாலும் உடனே வாருங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 80 முதல் 130 வரை இருப்பது பெரும்பாலானோருக்கு இலக்கு.

திடீரென வியர்வை, நடுக்கம், படபடப்பா? ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்திருக்கலாம். 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் அடங்காவிட்டால் இன்னொரு முறை. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.